கிணற்று மோட்டாருக்கு ஒரு மெய்நிகர் சுவிட்ச்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுக்களைக்குப் பின்னால் கிணறு, கிணற்றடிக்குப் போகும் வழியில் சுவரில் மோட்டார் ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். அம்மாவுக்கு முட்டுவலி வந்த பிறகு, மழையில் வழுக்கும் அந்தப் படிகளில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கி ஏறுவது பெரும் பாடாகிவிட்டது. அதனால் நானே ஒரு சிறு பெட்டி செய்தேன். உள்ளே வைஃபையோடு வரும் இஎஸ்பி 8266 என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, அது சொன்னபடி திறந்து மூடும் மின் சுவிட்சான ரிலே இரண்டு. ஒரு ரிலே பச்சைப் பொத்தானை அரை நொடி அழுத்துவதுபோல் செய்யும், மற்றது சிவப்பை. போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பொத்தான் தெரியும். அவ்வளவுதான் பெட்டி.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அம்மா போனில் பக்கம் திறந்து பொத்தான் தேடுகிற ஆள் இல்லை. முன்னறையில் அலெக்சா பேசும் ஒரு எக்கோ ஸ்பீக்கர் இருந்தது. "அதுகிட்ட சொன்னா போடாதா மக்களே?" என்று கேட்டார். எக்கோவில் சாதனம் தேடச் சொன்னேன். புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றது. பெட்டி அதே வைஃபையில்தான் இருந்தது. இருந்தும் எக்கோவின் கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குரல் உதவியாளருக்குத் தெரிந்த சாதன வகைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு: பல்பு, பிளக், சுவிட்ச், மின்விசிறி, ஏசி என்று போகும். ஒவ்வொரு வகையுடனும் எப்படிப் பேச வேண்டும் என்பது முன்கூட்டியே வகுத்து வைத்த முறை. சுவிட்ச் என்றால் அதனிடம் மூன்றே மூன்று பேச்சு: ஆன் ஆகு, ஆஃப் ஆகு, இப்போது ஆனா ஆஃபா? என் பெட்டிக்கோ இந்த மூன்றும் தெரியாது. "பச்சையை அழுத்து", "சிவப்பை அழுத்து" என்பதுதான் அதற்குப் புரியும். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டால் அதற்கே தெரியாது.

நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மெய்நிகர் சுவிட்ச், அதாவது விர்ச்சுவல் சுவிட்ச். பேருக்கு அது ஒரு சுவிட்ச். கம்பி கிடையாது, சுவரில் கிடையாது, ஒரு கணினியின் நினைவில் மட்டும் இருக்கும். உதவியாளர் பக்கம் பார்த்தால் கடையில் வாங்கிய சுவிட்ச் போலவே அந்த மூன்று பேச்சுக்கும் பதில் சொல்லும். பெட்டியின் பக்கம் திரும்பினால் அந்தப் பேச்சைப் பெட்டிக்குப் புரிகிற கட்டளையாக மாற்றி அனுப்பும். எங்கள் வீட்டில் இந்தச் சுவிட்ச் குடியிருப்பது ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியில் ஓடும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில். பெட்டிக்கும் அதற்கும் நடுவே செய்தி போய்வருவது எம்க்யூடிடி முறையில். எம்க்யூடிடி என்பது ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி. ஒரு தலைப்பின் கீழ் ஒருவர் செய்தி ஒட்டுவார், அந்தத் தலைப்பைக் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு அது போய்ச் சேரும். பலகையைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு மொஸ்கிட்டோ என்று பெயர், அதுவும் அதே பையில்தான் ஓடுகிறது.

மேலே போகுமுன் மின்சாரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரிலே போர்டின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மோட்டாரையே நேராக அதில் கோர்க்காதீர்கள். 1 எச்பி ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் அப்புறம் எந்தக் கட்டளைக்கும் மோட்டார் நிற்காது. அதனால்தான் மோட்டாரின் கனத்தை ஸ்டார்ட்டருக்குள் இருக்கும், அந்தக் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரிடமே விட்டுவிட்டு, ரிலேயைப் பொத்தான் அழுத்தும் விரலாக மட்டும் வைத்திருக்கிறேன். பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலே. சிவப்புப் பொத்தானுக்குத் தொடராக, சும்மா இருக்கையில் மூடியிருக்கும் முனைகளோடு இன்னொன்று. அந்தக் கம்பிகளில் ஓடுவதும் 230 வோல்ட்தான். இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்தேன். பொத்தானை விட்ட பிறகும் தானாகப் பிடித்துக்கொள்ளும் கான்டாக்டர் உள்ள ஸ்டார்ட்டருக்கே இது பொருந்தும்.

சரி, சுவிட்சுக்கு வருவோம். ஆன், ஆஃப் என்ற முதல் இரண்டு பேச்சும் எளிது. மூன்றாவதுதான், "இப்போது ஆனா ஆஃபா?" என்பதுதான், ஆளைச் சோதிக்கும். என் முதல் முயற்சியில் இதை நான் கண்டுகொள்ளவே இல்லை. ஆன் சொன்னதும் சுவிட்ச் தன்னை ஆன் என்று குறித்துக்கொண்டது, ஆஃப் சொன்னதும் ஆஃப் என்று குறித்துக்கொண்டது. இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மோட்டார் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் கான்டாக்டர் விட்டுவிடும், கரண்ட் திரும்பினாலும் யாராவது பச்சையை அழுத்தும் வரை மோட்டார் கிளம்பாது. ஸ்டார்ட்டர் அப்படித்தான் இருக்க வேண்டும், அது பாதுகாப்பு. ஆனால் பையும் ரூட்டரும் இன்வெர்ட்டரில் இருந்ததால் மெய்நிகர் சுவிட்ச் மட்டும் "ஆன்" என்றே நின்றது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அம்மா நம்பிக்கொண்டிருக்க, டாங்க் காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் புரிந்தது: நாம் கேட்டது ஒன்று, நடப்பது ஒன்று. சுவிட்ச் காட்ட வேண்டியது நடப்பதை. நடப்பதைச் சொல்ல ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி வேண்டும். அதற்கு 230 வோல்ட் ஏசி காயில் உள்ள ஒரு சின்ன ரிலேயை ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் முனைகளில் இணைத்தோம். மோட்டாருக்குக் கரண்ட் போனால் அந்த ரிலே இழுக்கும். அதன் மறுபக்க முனைகள் மோட்டார் கரண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை, அவை இஎஸ்பி போர்டின் ஒரு உள்ளீட்டு முனைக்குப் போகின்றன. அந்த முனையில் மாற்றம் தெரிந்ததும் பெட்டி RUNNING அல்லது STOPPED என்று பலகையில் ஒட்டிவிடும். இதில் ஒரு எல்லை உண்டு. மோட்டார் வரை கரண்ட் போகிறது என்பதைத்தான் இந்தச் சாட்சி சொல்லும். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றினாலும் RUNNING என்றுதான் சொல்லும்.

இனி அந்தச் சுவிட்சை எழுதலாம். ஹோம் அசிஸ்டன்டின் configuration.yaml கோப்பில் இவ்வளவு போதும்:

```yaml
mqtt:
  - switch:
      name: "Kinaru Motor"
      command_topic: "veedu/motor/set"
      payload_on: "START"
      payload_off: "STOP"
      state_topic: "veedu/motor/state"
      state_on: "RUNNING"
      state_off: "STOPPED"
      availability_topic: "veedu/motor/alive"
      retain: false
```

இதை மெதுவாகப் படித்தால் நான் மேலே சொன்னதெல்லாம் அப்படியே இருக்கும். ஆன் என்றால் veedu/motor/set என்ற தலைப்பில் START என்று ஒட்டு. ஆஃப் என்றால் STOP என்று ஒட்டு. ஆனா ஆஃபா என்று யாராவது கேட்டால் உன் நினைவிலிருந்து சொல்லாதே, veedu/motor/state தலைப்பில் பெட்டி கடைசியாக என்ன சொன்னது என்று பார்த்துச் சொல். state_topic வரியை விட்டுவிட்டால் சுவிட்ச் ஊகத்தில் வாழத் தொடங்கும். திரையில் ஒற்றைச் சுவிட்சுக்குப் பதிலாக இரண்டு மின்னல் குறிகள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. வரி இருந்தால் நடத்தையே வேறு. போனில் சுவிட்சைத் தட்டுவீர்கள், பெட்டி RUNNING என்று சொன்னால் அது ஆனில் நிற்கும், சொல்லாவிட்டால் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். யாராவது கிணற்றடிக்குப் போய்க் கையால் பச்சையை அழுத்தினாலும் திரையில் சுவிட்ச் தானாக ஆன் ஆகும்.

availability_topic எதற்கென்றால், கரண்ட் போனால் பெட்டியும் செத்துவிடும், "நின்றுவிட்டது" என்று சொல்ல அதற்கு நேரமே இருக்காது. எம்க்யூடிடியில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெட்டி இணையும்போதே, "நான் சத்தமில்லாமல் போய்விட்டால் alive தலைப்பில் offline என்று நீ ஒட்டிவிடு" என்று பலகைக்காரரிடம் சொல்லி வைத்துவிடலாம். இணைந்ததும் பெட்டியே online என்று ஒட்டும். என் பெட்டியில் கரண்ட் போய் அரை நிமிடத்துக்குள் திரையில் சுவிட்ச் மங்கிவிடுகிறது. ஆன் என்று பொய் சொல்வதைவிட, தெரியாது என்று மங்குவது எவ்வளவோ மேல்.

கடைசி வரியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. retain என்பது பலகையில் ஒட்டிய செய்தியைக் கிழிக்காமல் விட்டு வைக்கும் வசதி. புதிதாக யார் அந்தத் தலைப்பைக் கவனிக்க வந்தாலும் விட்டு வைத்த கடைசிச் செய்தி உடனே அவர் கைக்குப் போகும். கட்டளை வழியில் தொலைந்துவிடக் கூடாதே என்று நினைத்து நான் அதை முதலில் true என்று எழுதியிருந்தேன். ஐப்பசி மாதம், இரவு ஒன்பது மணிக்கு அம்மா மோட்டார் போட்டிருக்கிறார். பாதியில் இடிமழை, கரண்ட் போய்விட்டது. எல்லோரும் படுத்துவிட்டோம். அதிகாலை இரண்டு மணிக்கோ என்னவோ கரண்ட் வந்திருக்கிறது. பெட்டி உயிர்பெற்று, வைஃபையில் சேர்ந்து, பலகைக்குப் போய் "எனக்கு ஏதாவது செய்தி உண்டா" என்று கேட்டிருக்கிறது. ஒன்பது மணிக்கு ஒட்டிய START அங்கேயே இருந்திருக்கிறது. விடியும்போது டாங்க் நிரம்பி, மொட்டைமாடி வழிந்து, சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மழை இன்னும் விடவில்லை என்று நினைத்துப் படுத்திருந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மொஸ்கிட்டோவோடு வரும் சிறு கருவியால் அந்தத் தலைப்பைக் கவனித்துப் பார்க்க வேண்டும். யாரும் எதையும் தொடாதபோதே, கவனிக்கத் தொடங்கிய அந்த நொடியில் START வந்து விழுந்தால் பழைய கட்டளை தங்கியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வந்து விழுந்தது. retain வரியை மாற்றியதும் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது, ஏற்கெனவே ஒட்டியது அப்படியேதான் இருக்கும். அதே தலைப்பில் ஒரு வெற்றுச் செய்தியை ஒட்டினால்தான் பழையது போகும். முதல் வரி பார்ப்பதற்கு, இரண்டாவது அழிப்பதற்கு. எண்களின் இடத்தில் உங்கள் பையின் முகவரியும், கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும் வர வேண்டும்:

```
mosquitto_sub -h 192.168.1.10 -t veedu/motor/set -v
mosquitto_pub -h 192.168.1.10 -t veedu/motor/set -r -n
```

state, alive என்ற மற்ற இரண்டு தலைப்புகளில் பெட்டி ஒட்டும் செய்திகள் தங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பை ஒருமுறை அணைந்து எழுந்ததும், பெட்டி அடுத்து வாய் திறக்கும் வரை சுவிட்சுக்கு மோட்டாரின் நிலை தெரியாது. நிலை தங்கலாம், கட்டளை தங்கக் கூடாது. இதை நான் பெட்டியின் மூடியில் உள்பக்கம் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

இப்போது சுவிட்சை எக்கோவுக்குக் காட்ட வேண்டும். பல வழிகள் இருக்கின்றன. ஹோம் அசிஸ்டன்டின் கட்டணச் சேவை இணையம் வழியாக இதைச் செய்துதரும். கூகுள் அசிஸ்டன்டுக்கு அப்படி இணையம் வழியாகப் போகும் பாதைதான் சரிப்படும். அலெக்சாவுக்கு மட்டும் வீட்டு வைஃபைக்குள்ளேயே முடிகிற குறுக்குவழி ஒன்று உண்டு. பிலிப்ஸ் ஹியூ பல்புகளை இயக்கும் பிரிட்ஜ் பெட்டியுடன் எக்கோவுக்கு நேராகப் பேசத் தெரியும். ஹோம் அசிஸ்டன்ட் தானே அந்தப் பிரிட்ஜ் போல வேடம் போடும்:

```yaml
emulated_hue:
  listen_port: 80
  expose_by_default: false
  entities:
    switch.kinaru_motor:
      name: "Motor"
      hidden: false
```

expose_by_default: false என்பது முக்கியம். அது இல்லாவிட்டால் வீட்டில் உள்ள சுவிட்ச் எல்லாம் எக்கோவின் பட்டியலில் போய் நிற்கும். பெயரை யோசித்து வையுங்கள். நம் ஊரில் அலெக்சா ஆங்கிலமும் இந்தியும்தான் பேசும். "கிணறு" என்று பெயர் வைத்தபோது அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கேட்டுக்கொண்டது. "மோட்டார்" நம் வாய்க்கும் பழகிய சொல், அதன் காதுக்கும் பழகிய சொல். ஹோம் அசிஸ்டன்டை மறுபடி தொடங்கிவிட்டு, "அலெக்சா, டிஸ்கவர் டிவைசஸ்" என்றால் முக்கால் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். அப்புறம் "அலெக்சா, டர்ன் ஆன் மோட்டார்".

கண்டுபிடிக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஒரு கூப்பிடு தொலைவில்தான் இருக்கும். எக்கோ வீட்டு வலையில் இருக்கும் எல்லோரையும் பார்த்து ஒரு குரல் கொடுக்கும், பிரிட்ஜ் வேடம் போட்டவர் அதற்குப் பதில் சொல்வார். எக்கோ விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ, சாதனங்களை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் ரூட்டர் பிரித்து வைத்திருந்தாலோ அந்தக் குரல் போய்ச் சேராது. 80 என்ற போர்ட்டைப் பையில் வேறு மென்பொருள் பிடித்து வைத்திருந்தாலும் நடக்காது, புதிய எக்கோக்கள் அந்தப் போர்ட்டில்தான் தேடும். முதலில் கண்டுபிடித்து, சில நாள் கழித்துப் பதில் இல்லை என்று சொன்னால் பையின் முகவரி மாறியிருக்கிறதா பாருங்கள். ரூட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும்.

எங்கே பிழை என்று தேடும்போது குரலிலிருந்து தொடங்க வேண்டாம், மோட்டார் பக்கத்திலிருந்து வாருங்கள். கையால் பச்சையை அழுத்தினால் திரையில் சுவிட்ச் மாறுகிறதா? மாறாவிட்டால் சாட்சி ரிலேயில் கோளாறு. திரையில் தட்டினால் மோட்டார் ஓடுகிறதா? ஓடாவிட்டால் பெட்டியிலோ பொத்தான் இணைப்பிலோ தேடுங்கள். ரிலே "டிக்" என்று சத்தம் போட்டும் மோட்டார் கிளம்பவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ட்ரிப் ஆகியிருக்கலாம். இது இரண்டும் சரியாக இருந்து குரல் மட்டும் வேலை செய்யாதபோதுதான் அலெக்சாவின் பக்கம் போக வேண்டும்.

அந்த ஐப்பசி இரவுக்குப் பிறகு பெட்டிக்குள்ளேயே ஒரு நேரக் கணக்கு வைத்தேன். எங்கள் 1000 லிட்டர் டாங்க் நிறைய ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். RUNNING ஆகி 30 நிமிடம் கடந்தால், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெட்டி சிவப்பை அழுத்திவிடும். இதை ஹோம் அசிஸ்டன்டில் எழுதுவது இன்னும் சுலபம், ஆனால் பை தொங்கி நின்றாலோ வைஃபை போனாலோ அந்தக் கணக்கும் சேர்ந்து போய்விடும். நிறுத்தும் பொறுப்பு மோட்டாருக்கு மிக அருகில் இருப்பவரிடமே இருக்கட்டும். டாங்கில் தண்ணீர் நிறைந்ததும் அணையும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து அதை ஸ்டார்ட்டரின் காயிலுக்குத் தொடராகக் கோர்த்தால் இன்னும் நல்லது. மழை முடிந்ததும் அதைச் செய்ய எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஹியூ வேடத்தில் வந்ததால் எக்கோவின் கணக்கில் என் மோட்டார் ஒரு பல்பு. அலெக்சா செயலியில் முன்னறைக் குழுவில் அதைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் தங்கை முன்னறையில் நின்று, "அலெக்சா, டர்ன் ஆன் த லைட்ஸ்" என்றாள். விளக்கும் எரிந்தது, கிணற்றடியில் மோட்டாரும் கிளம்பியது. அன்றைக்கே செயலியைத் திறந்து மோட்டாரை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். இப்போது அதன் பெயரைச் சொன்னால்தான் ஓடுகிறது.